பழைய வீடு விக்கல, புது வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு: மலையில பிரிட்ஜ் லோன் கேள்விகள்

கோத்தகிரி வீட்ட வித்துட்டு குன்னூர் பக்கம் வாங்கலாம்னு இருக்கோம். அது விக்கிறதுக்குள்ள இது கைவிட்டு போயிடும் போல. பிரிட்ஜ் லோன்னா என்ன, எவ்ளோ தருவாங்க?

பழைய வீடு வித்து வரப்போற பணத்த பேங்க் முன்கூட்டியே கொஞ்ச மாசத்துக்கு கடனா குடுக்கிறது, அவ்ளோதான். மாசா மாசம் வட்டி மட்டும் கட்டுவீங்க, அசல் மொத்தமும் பழைய வீடு கிரயம் ஆகுற அன்னிக்கு ஒரே தடவையா முடியும். பெரும்பாலும் ஒரு வருஷத்துல இருந்து ரெண்டு வருஷம் வரைக்கும் டைம் குடுப்பாங்க. எல்லா பிராஞ்ச்லயும் இந்த பேர்லயே இருக்காது, ஷார்ட் டேர்ம் லோன்னு சொல்வாங்க, சில இடத்துல இந்த ஐட்டமே கிடையாதுன்னு கைய விரிச்சிடுவாங்க, அப்போ கோயம்புத்தூர் ஆபீஸ் வரைக்கும் கேட்டு பாக்கணும்.

எவ்ளோ தருவாங்கங்கறது நீங்க எதிர்பாக்குற விலைய வச்சு இல்ல, பேங்க் அனுப்புற வேல்யூயர் போடுற மதிப்ப வச்சு. நீங்க 60 லட்சம்னு மனசுல வச்சிருப்பீங்க, அவர் 52-னு எழுதிட்டு போவார். அதுல முக்கால் பங்குன்னா 39 லட்சம். பழைய வீட்டு மேல ஏற்கனவே கடன் பாக்கி இருந்தா அதையும் கழிச்சிடுவாங்க. அதனால புது வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடியே வேல்யூவேஷன முடிச்சிருங்க, அட்வான்ஸ் குடுத்துட்டு அப்புறம் 5 லட்சம் பத்தலன்னு அலையிறவங்கதான் கடைசில மூணு வட்டிக்கு வெளிய வாங்குறாங்க.

வட்டி எவ்ளோ ஆகும், ஒரு கணக்கு போட்டு காட்டுங்களேன்

இத ஒரு உதாரணமா வச்சுக்கலாம், பின்னாடி வர்ற கேள்விக்கெல்லாம் இதே கணக்குதான். புது வீடு குன்னூர் பக்கம் 70 லட்சம். தமிழ்நாட்டுல கிரய பத்திரத்துக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ரெண்டும் சேத்து 6 லட்சத்து 30 ஆயிரம். ஆக மொத்தம் 76 லட்சத்து 30 ஆயிரம் வேணும். பத்திரச் செலவ பேங்க் வீட்டு விலையோட சேத்துக்காது, அது உங்க கைக்காசுதான்னு பல பேர் கடைசி வாரத்துலதான் கண்டுபிடிக்கிறாங்க.

கையில இருக்கிறது 11 லட்சத்து 30 ஆயிரம். 20 வருஷ ஹவுசிங் லோன் 27 லட்சம் எடுக்குறாங்க. மிச்சம் 38 லட்சம் பிரிட்ஜ் லோன். பிரிட்ஜ் லோன் வட்டி சாதா ஹவுசிங் லோன விட கூடத்தான் இருக்கும், இங்க 12 சதவீதம்னு வைப்போம், நம்ம ஊர் பேச்சுல ஒரு ரூபா வட்டி. லட்சத்துக்கு மாசம் ஆயிரம், 38 லட்சத்துக்கு மாசம் 38,000. ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 1,250 ரூபா.

இதோட 27 லட்சத்துக்கு எட்டரை சதவீதத்துல ஈஎம்ஐ சுமார் 23,400. ஆக மாசம் 61,400 வீட்டுக்கே போகுது. இத சம்பளத்துல இருந்து எத்தனை மாசம் தாங்குவீங்கங்கறதுதான் முதல் கேள்வி. 12-ஆ 11-ஆங்கற பேரம்லாம் அப்புறம்தான், ஏன்னா ஒரு சதவீதம் கொறைஞ்சா மாசம் 3,200 கிட்டத்தான் மிச்சம் ஆகும், வீடு ஒரு மாசம் முன்னாடி வித்தா 38,000 மிச்சம்.

வட்டிய மாசா மாசம் கட்டாம கடைசில சேத்து கட்டலாம்னு சொல்றாங்க, அது வட்டிக்கு வட்டி ஆகி ஏறிடாதா?

ஏறும், ஆனா பயப்படுற அளவுக்கு இல்ல. மாசா மாசம் கட்டினா 6 மாசத்துக்கு 2 லட்சத்து 28 ஆயிரம். கட்டாம அசலோட சேத்துக்கிட்டே போனா சுமார் 2 லட்சத்து 33,800. வித்தியாசம் 5,800 ரூபாதான். ஒரு வருஷம் இழுத்தா வித்தியாசம் 26,000 ஆகும். கொஞ்ச மாசக் கடன்ல வட்டிக்கு வட்டிங்கிறது பெருசா வளர நேரமே கிடையாது.

நான் பாக்குற ஆபத்து வேற. மாசம் 38,000 கையில இருந்து போகும்போது வீட்ட விக்கணும்ங்கற அவசரம் தானா இருக்கும். கட்டாம விட்டா கண்ணுக்கு தெரியாது, எட்டு மாசம் கழிச்சு ஸ்டேட்மென்ட் பாக்கும்போதுதான் 3 லட்சம் போயிருச்சேன்னு தெரியும். சம்பளம் தாங்குச்சுன்னா மாசா மாசம் கட்டிருங்க.

ரேட் தவிர வேற என்ன செலவு?

பிராசசிங் ஃபீஸ் அரை சதவீதம்னு வச்சாலே 19,000, அதுக்கு மேல 18 சதவீத ஜிஎஸ்டி, மொத்தம் 22,400 கிட்ட. ரெண்டு சொத்து அடமானத்துக்கு போறதால லீகல் ஒப்பீனியன் ரெண்டு, வேல்யூவேஷன் ரெண்டு. பத்திரத்த பேங்க்ல அடமானமா ஒப்படைச்சதுக்கு எழுதுற எம்ஓடி போடணும்னா அதுக்கு தனியா முத்திரைச் செலவு. இதெல்லாம் ஒரு மாசத்துல வீடு வித்தாலும் அதே தொகைதான், ஒம்பது மாசம் ஆனாலும் அதேதான். அதனால ரெண்டு மாசத்துல வித்துடும்னு நிச்சயமா தெரிஞ்சா லோனுக்கே போகாம, புது வீட்டுக்காரர்கிட்ட கூட ரெண்டு மாசம் டைம் கேட்டு அக்ரிமென்ட்ல எழுதிக்கிறது மேல். அதுக்கு அவர் 50,000 கூட கேட்டாக்கூட கணக்கு சரியாத்தான் வரும்.

ஏன் ரெண்டு வீட்டு பத்திரத்தையும் கேக்குறாங்க? புது வீட்ட மட்டும் வச்சுக்க கூடாதா?

70 லட்ச ரூபா வீட்டுக்கு 27-ம் 38-ம் சேத்து 65 லட்சம் குடுக்குறாங்க. 30 லட்சத்துல இருந்து 75 லட்சம் வரைக்குமான ஹவுசிங் லோனுக்கு வீட்டு மதிப்புல 80 சதவீதம் தாண்டக்கூடாதுங்கறது ரிசர்வ் பேங்க் விதி, அதாவது இந்த வீட்டுக்கு 56 லட்சம். மிச்சத்துக்கு பழைய வீடு ஈடு. அதுல இருந்துதான் பணம் திரும்பி வரப்போகுது, அது நீங்க சத்தமில்லாம வித்துட்டு பணத்த வேற எதுக்காவது போட்டுடக்கூடாதுன்னும் பேங்குக்கு பயம் இருக்கும்ல.

இதுலதான் மலையில நெறய ஃபைல் நிக்குது. முதல்ல பட்டா. ஊருக்குள்ள இருக்கிற தாத்தா காலத்து வீடுன்னா கூட்டுப்பட்டாவா இருக்கும், அண்ணன் தம்பி சித்தப்பா பசங்க பேரெல்லாம் ஒரே பட்டாவுல. உங்க பங்கு எதுன்னு எல்லாருக்கும் தெரியும், பேங்குக்கு தெரியாது. சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு பண்ணி தனிப்பட்டா வாங்கினாத்தான் ஃபைல் நகரும், தாலுகா ஆபீஸ்ல இது எத்தனை மாசம்னு சொல்லவே முடியாது. அதனால புது வீடு பாக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இத முடிச்சு வைங்க.

ரெண்டாவது பிளான். 1990-ல ரெண்டு ரூம் கட்டி அப்புறம் பின்னாடி கிச்சன் இழுத்து மேல ஒரு ரூம் போட்டிருப்பாங்க, அப்ரூவல் முதல் ரெண்டு ரூமுக்கு மட்டும்தான் இருக்கும். வேல்யூயர் அப்ரூவல் உள்ள பாகத்துக்கு மட்டும் மதிப்பு போடுவார், 60 லட்சம் 52 ஆகுறது பாதி இதனாலதான். மீதி, பின்பக்க மண் சரிவும் தடுப்புச்சுவரும். 2009 நவம்பர் மண்சரிவுக்கு அப்புறம் இந்த பக்கம் வர்ற வேல்யூயர் யாரும் தடுப்புச்சுவர சுத்தி பாக்காம போறதில்ல, அதுல தண்ணி போக விட்ட ஓட்டை அடைச்சிருந்தா, சுவர் வயித்த தள்ளிட்டு நின்னா, அத ரிப்போர்ட்ல எழுதிடுவாங்க. வர்றதுக்கு முன்னாடி அந்த ஓட்டையெல்லாம் குத்தி விட்டு வைங்க, செலவே இல்லாத வேலை.

கூடலூர் பந்தலூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு ஒண்ணு. உங்க நிலம் ஜென்மம் நிலமா, 1969 ஜென்மம் ஒழிப்பு சட்டத்துல 17-ஆவது பிரிவுக்குள்ள வர்றதான்னு முதல்ல பாருங்க. அதுக்குள்ள வந்தா அத ஈடா எடுத்துக்க பேங்க் தயங்கும், பிரிட்ஜ் லோன் பேச்ச அங்கயே விட்டுடலாம்.

ரெண்டு மாசத்துலயே ஒருத்தர் 57 லட்சத்துக்கு கேக்குறார். 60 வரும்னு எல்லாரும் சொல்றாங்க. பொறுக்கலாமா அண்ணா?

60-ல இருந்து 57 கழிச்சா 3 லட்சம். மாசம் 38,000-னு வகுத்தா கிட்டத்தட்ட எட்டு மாசம். அதாவது 60 குடுக்கிற ஆளு இவர விட எட்டு மாசத்துக்குள்ள வந்து கிரயத்தையும் முடிச்சாத்தான் பொறுத்ததுல லாபம். வந்து பாத்துட்டு போனா பத்தாது, பணம் கைக்கு வரணும்.

இப்ப மலை கணக்கு போடுங்க. புது வீட்ட ஆகஸ்ட் 20-ல ரிஜிஸ்டர் பண்ணதா வைப்போம், அன்னிக்கே வட்டி ஓட ஆரம்பிச்சிடுச்சு. இவர் அக்டோபர்ல கேக்குறார், டிசம்பர் இருபதுக்குள்ள கிரயம்னா நாலு மாச வட்டி 1 லட்சத்து 52 ஆயிரம். 57-ல அத கழிச்சா 55 லட்சத்து 48 ஆயிரம் நிக்குது. இவர வேண்டாம்னு அனுப்பிட்டா அடுத்து என்ன நடக்கும்? அக்டோபர் நவம்பர்ல கோத்தகிரி குன்னூர் பக்கம் வடகிழக்கு பருவமழை, மேட்டுப்பாளையம் ரோட்டுல மரம் விழுந்துச்சு மண் சரிஞ்சுச்சுன்னு டிவியில வந்தாலே கோயம்புத்தூர் பார்ட்டி தள்ளி போட்டுடுவாங்க. டிசம்பர் ஜனவரியில குளிர். வீட்ட பாக்க ஆளு வர்றது திரும்ப சீசனுக்குத்தான். ஏப்ரல்ல ஒருத்தர் வந்து பேசி 58 அரைக்கு முடிஞ்சு மே இருபதுல கிரயம்னா ஒம்பது மாசம், வட்டி 3 லட்சத்து 42 ஆயிரம். கழிச்சா 55 லட்சத்து 8 ஆயிரம். ஒன்றரை லட்சம் கூட வித்தும் கையில 40,000 கம்மி.

அதனால லோன்ல கையெழுத்து போடுற அன்னிக்கே வீட்ல உக்காந்து ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க, இந்த மாசம் வரைக்கும் 60, அதுக்கப்புறம் 58, மழை ஆரம்பிச்சா 57-க்கும் குடுத்துடுறதுன்னு. ஆளு வந்து உக்காந்தப்புறம் யோசிச்சா கௌரவம் குறுக்க வந்துடும், பக்கத்து வீட்டுக்காரர் எவ்ளோக்கு வித்தார்ங்கற பேச்சு வரும்.

இன்னொன்னு, கீழ இருந்து கார்ல வர்றவங்களுக்கு 2024 மே-ல இருந்து இ-பாஸ் வேணும். அது ஆன்லைன்ல எடுக்கிறதுதான், ஆனா சீசன்ல ஒரு நாளைக்கு இத்தனை வண்டின்னு கட்டுப்பாடு இருக்கிறதால சனி ஞாயிறு பாஸ் கிடைக்கலன்னு ஃபோன் வரும். வார நாள்ல வர சொல்லுங்க.

அதுவரைக்கும் பழைய வீட்ட ஹோம்ஸ்டேவா விட்டா வட்டிக்காவது ஆகுமே?

ஆசையாத்தான் இருக்கும். ஆனா அனுமதி இல்லாம காட்டேஜ் நடத்துனா சீல் வைப்பாங்க, சீல் விழுந்த வீட்ட யார் வாங்குவா. அதோட வாடகைக்கு ஆளு வர்ற சீசன்லதான் வாங்குற பார்ட்டியும் வரும், ரூமுக்குள்ள டூரிஸ்ட் தூங்கிட்டு இருக்க நீங்க வாசல்ல நின்னு வீடு காட்ட முடியாது. மாச வாடகைக்கு குடும்பத்த வச்சா இன்னும் மோசம், காலி பண்ணி தந்தாத்தான் கிரயம்னு பார்ட்டி சொல்லும்.

பூட்டி போட்டுட்டு போறதும் தப்புதான். மலை வீடு ஒரு மழைக்காலம் பூட்டி கெடந்தா சுவர்ல ஓதம் ஏறி பீரோ பின்னாடி பூஞ்சை படிஞ்சு கதவ தொறந்ததும் வாடை அடிக்கும், அந்த வாடைக்கே ரெண்டு லட்சம் கொறைச்சு கேப்பாங்க. வாரத்துல ரெண்டு நாள் வெயில் வர்ற நேரமா பாத்து ஜன்னல் தொறந்து விட ஆளு வைங்க.

வாங்குறவங்க அட்வான்ஸ் 5 லட்சம் குடுத்தாங்க. அத லோன்ல கட்டிடலாமா?

கட்டினா மாசம் 5,000 வட்டி கொறையும். ஃப்ளோட்டிங் ரேட்ல தனிநபர் வாங்குற வீட்டு லோனுக்கு முன்கூட்டி கட்டுறதுக்கு அபராதம் கிடையாது, ஃபிக்ஸட்னு போட்டிருந்தா சாங்ஷன் லெட்டர்ல பாருங்க. ஆனா கட்டுற முன்னாடி அக்ரிமென்ட படிங்க. உங்க பக்கம் பேப்பர் சரியில்லாம வியாபாரம் நின்னா அட்வான்ஸ திருப்பி தரணும்னு எழுதியிருப்பாங்க, பேங்க்ல கட்டின பணத்த திரும்ப எடுக்க முடியாது. வாங்குறவரோட பேங்க் லீகல் ஓகே சொன்னதுக்கு அப்புறம் கட்டுங்க, ஒரு மாசம் 5,000 போனா போகட்டும்.

பத்திரம் பேங்க்ல இருக்கு, எப்படி விக்கிறது? பார்ட்டி பயப்படுறாங்க

பேங்க்ல எழுதி குடுத்து ரெண்டு பேப்பர் வாங்குங்க. என்னென்ன பத்திரம் எங்ககிட்ட இருக்குன்னு ஒரு லிஸ்ட், எந்த தேதிக்கு எவ்ளோ கட்டினா கடன் முடியும், ஒரு நாள் தள்ளுனா எவ்ளோ கூடும்னு ஒரு லெட்டர். இந்த ரெண்டையும் மூலப்பத்திர ஜெராக்ஸையும் பார்ட்டி கையில குடுத்தா பாதி பயம் போயிடும். பேங்க் ஏற்கனவே லீகல் பாத்த சொத்துன்னு வேற சொல்லலாம், அது பொய்யில்ல.

பார்ட்டியும் லோன் போட்டு வாங்குறார்னா அவரோட பேங்க் உங்க லோன் அக்கவுண்ட் பேர்ல டிடி எடுக்கும். எம்ஓடி பதிவு ஆகியிருந்தா அது வில்லங்கச் சான்றிதழ்ல தெரியும், அத நீக்க உங்க பேங்க் ஆளு சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸ்க்கு வந்து ரசீது பத்திரம் போடணும். இந்த ஆளு வர்ற தேதி கிடைக்கிறதுலதான் வாரம் போகும், நாளைக்கு 1,250-னு ஞாபகம் வச்சுட்டு தொரத்துங்க. கடன் முழுசா முடிஞ்சப்புறம் 30 நாளைக்குள்ள ஒரிஜினல் பத்திரம் திரும்ப வரணும், பேங்க் தாமதம் பண்ணா நாளைக்கு 5,000 ரூபா உங்களுக்கு தரணும்னு ரிசர்வ் பேங்க் உத்தரவு 2023 டிசம்பர்ல இருந்து இருக்கு.

விலை 50 லட்சமோ அதுக்கு மேலயோ இருந்தா வாங்குறவர் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிச்சுதான் குடுப்பார், 57-க்கு 57,000. அது உங்க பான் கணக்குல வரும், காணாம போகாது, ஆனா கிரயத்தன்னிக்கு கைக்கு வராது.

பேங்க் ரெண்டு வருஷம் டைம் குடுத்திருக்கு, அப்புறம் ஏன் அவசரம்?

பேங்க் ரெண்டு வருஷம் குடுக்கும், வருமான வரி ஒரு வருஷம்தான் குடுக்கும். பழைய வீடு வித்த லாபத்துக்கு வரி விழாம இருக்கணும்னா, 54-ஆவது பிரிவுன்னு ஆடிட்டர் சொல்றது, புது வீட்ட விக்கிற தேதிக்கு முன்னாடி ஒரு வருஷத்துக்குள்ளயோ பின்னாடி ரெண்டு வருஷத்துக்குள்ளயோ வாங்கியிருக்கணும். நீங்க முன்னாடியே வாங்கிட்டீங்க. அப்போ ஆகஸ்ட் 20-ல வாங்கினா அடுத்த ஆகஸ்ட் 19-க்குள்ள பழையது கிரயம் ஆகணும். அது தாண்டி செப்டம்பர்ல வித்தா இந்த புது வீடு அந்த சலுகைக்கு ஒதவாது.

எவ்ளோ போகும்னு பாருங்க. 2009-ல 14 லட்சத்துக்கு வாங்கின வீடு 58-க்கு போனா லாபம் 44 லட்சம், 12.5 சதவீதம்னா ஐந்தரை லட்சம், அதுக்கு மேல செஸ். 2024 ஜூலை 23-க்கு முன்னாடி வாங்கின வீடுங்கறதால வாங்கின விலைய விலைவாசிக்கு ஏத்த மாதிரி ஏத்தி, இண்டெக்சேஷன் போட்டு 20 சதவீத கணக்கும் பாக்கலாம், அதுல கொஞ்சம் கொறையும், ஆனாலும் லட்சக்கணக்குலதான் நிக்கும். பிரிட்ஜ் லோனுக்கு ஒரு வருஷம் கட்டுற வட்டி அளவுக்கு இது வரும். பழைய வீடு அப்பா பேர்ல இருக்க புது வீட்ட மகன் பேர்ல வாங்கினாலும் இதே சிக்கல் வரும், வாங்குறதுக்கு முன்னாடியே ஆடிட்டர்கிட்ட பேரு விஷயத்த கேட்டுக்கோங்க.

குடுத்த டைமுக்குள்ள விக்கவே இல்லன்னா?

முன்னாடியே போய் பேசுனா பெரும்பாலும் அத சாதா அடமானக் கடனா மாத்தி ஈஎம்ஐ போடுவாங்க. 38 லட்சம் 15 வருஷத்துக்கு 12 சதவீதத்துல மாசம் சுமார் 45,600, ஏற்கனவே இருக்கிற 23,400-ஓட 69,000. சம்பளம் தாங்கும்னு காட்டினாத்தான் அதுவும். பேசாம விட்டா 90 நாள் பாக்கியில வாராக்கடன் ஆகி, அப்புறம் ஈடு வச்ச வீட்ட பேங்கே எடுத்து விக்கிறதுக்கான சர்ஃபாசி நோட்டீஸ் 60 நாள் டைம் போட்டு வரும், வீட்டுக்கு நோட்டீஸ் வந்த சேதி மார்க்கெட்டுக்கு வர ஒரு நாள் போதும், அப்புறம் 57 கேட்டவர் 48-னு கேப்பார். டைம் முடிய மூணு மாசம் இருக்கும்போதே மேனேஜர பாத்து எழுதி குடுத்து, குடுத்ததுக்கு அக்னாலட்ஜ்மென்ட் சீல் வாங்கிட்டு வாங்க.